ஆற்றோடு போன கடிதம்

மார்பில் புற்றுக்கட்டிக்கு அறுவை முடிந்து ஒரு வருடம் கழித்து இடுப்பு வலி வந்தது. எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கிடைத்த தேதி, மகளின் வளைகாப்புக்கு முந்தின நாள். தள்ளிப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

மருத்துவமனையில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, படம் எடுத்தார்கள். கிளம்பும்போது வீட்டில் கவனிக்க வேண்டியவை என்று ஒரு கடிதம் தந்து, வாயாலும் சொன்னார்கள். படத்தில் என்ன தெரிந்திருக்குமோ என்ற பயத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. 'கர்ப்பிணிகள்' என்ற ஒரு சொல்தான் ஏறியது.

சேரன்மகாதேவி வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லித் தொலைத்தேன். வளைகாப்புக்கு வந்திருந்த என் கணவரின் அக்கா, என்னைப் புறவாசலிலேயே நிறுத்திக் குளிக்க வைத்தார். நான் தலை துவட்டுவதற்குள் என் சேலையையும் மஞ்சள் பையையும் சேர்த்துச் சுருட்டி, பரிகாரத் துணி விடுவது போலத் தாமிரபரணியில் விட்டுவிட்டு வந்தார். கடிதம் அந்தப் பையில் இருந்தது.

"எல்லாம் ஆத்தோட போச்சு. ஆனா நாளைக்கு நீ பிள்ளைகிட்ட போவாத. வளையல் நான் போடுதேன்."

என் கணவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தைராய்டு சிகிச்சைக்குக் கதிரியக்க அயோடின் குடித்த நண்பர் ஒரு வாரம் தனியறையில் இருந்தாராம். அப்படியென்றால் எனக்கும் ஒரு வாரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெற்ற ஒரே மகளுக்கு ஒரு வளையல் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் கீழேயிருந்து மகள் போனில் அழைத்தாள். அணு மருத்துவப் பிரிவுக்கே பேசி, கடிதத்தின் நகலைத் தன் போனுக்கு வரவழைத்துவிட்டாள்.

"எம்மா, வாசிக்கேன், கேளு. நிறையத் தண்ணி குடிக்கணும். அடிக்கடி ஒண்ணுக்குப் போய், ரெண்டு தடவை தண்ணி ஊத்தி, கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவணும். இன்னிக்கு மட்டும் கர்ப்பிணி, கைக்குழந்தை பக்கத்துல ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா மருந்தோட வீரியம் பாதியாயிருமாம். தட்டு, துணியெல்லாம் எப்பவும்போல கழுவினாப் போதும். நாளைக்குக் காலையில இருந்து ஒரு தடையும் இல்ல."

"அத்தைகிட்ட சொன்னியா?"

"அவங்களையே வாசிக்க வச்சேன். ரெண்டு தடவை."

உயிர் வந்தது எனக்கு. அந்த ராத்திரி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் மகள் முன்னால் உட்கார்ந்தபோது கை தானாகப் பின்வாங்கியது. ஸ்கேன் முடிவும் இன்னும் வரவில்லை. நாத்தனார் பச்சை வளையல்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். போட்டு முடித்ததும் மகள் என் கையை விடவில்லை. இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது.