ஞாயிறு அப்பாவுக்கு, வெள்ளி மூத்தாருக்கு

என் கணவருக்கு ஓடத் தெரியும். எப்போது ஓடக்கூடாது என்பதுதான் அவருக்கும் தெரியாது, அவரை ஓட வைத்தவர்களுக்கும் தெரியாது.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஒவ்வொரு ஜூலை பதினாலுக்கும் வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக் கடற்கரை வரைக்கும் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். எனக்குக் கல்யாணமாவதற்கு முந்தின வருஷம் இவர் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் கோபத்தில் என் மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வர்ற வருசம் மொதல்ல வந்தா ஓடு. இல்லன்னா ஓட்டத்த வுட்டுட்டு ஏரப் புடி." இவர் அதை என்னிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. ஓடாத மனுஷனாக அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு அவர் மேல் பிரியம் வந்ததே அன்றைக்குத்தான்.

அவருக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் என் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பியவர். இன்னொருவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், பக்கத்து வீடு. எங்கள் கல்யாணப் பந்தியில் மூத்தார் இலைக்குப் பாயசம் வராமல் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளில் வந்துவிடுவார். மருமகனை ஊசுடு ஏரிக்கரையைச் சுற்றி நெடுந்தூரம் ஓடவிட்டு, பின்னாலேயே மிதித்துக்கொண்டு "அன், து! அன், து!" என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணிக் கத்துவார். வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள். சேதி மூத்தார் காதுக்குப் போகும். அவர் திங்கட்கிழமை காலையில் தம்பியை எழுப்பி, இரண்டு பனைமரங்களுக்கு நடுவே மூச்சு முட்ட ஓடவிடுவார். கொஞ்சம் நிற்க வேண்டியது, மறுபடி பாய வேண்டியது. தான் ஒன்றும் குறைந்தவரில்லை என்று காட்டவேண்டுமே. செவ்வாய்க்கிழமை பொதுக்கிணற்றில் எங்கள் முறை. வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஏற்ற மரத்தின் மேல் பொழுதெல்லாம் முன்னும் பின்னும் ஏறி இறங்கவேண்டும். அந்த முறை மாமனாரின் அப்பா காலத்தில் பிரித்தது. அதை மாற்றுவதைவிடக் கிணற்றை மாற்றுவது சுலபம்.

ஆக மூன்று நாள் தொடர்ந்து காலை ஒடித்துவிட்டு, புதன் முதல் சனி வரை மனுஷனை மாப்பிள்ளை மாதிரி படுக்க வைத்துச் சோறு போட்டார்கள். "நாலு நாளு ஓய்வு குடுக்கறோமே, இன்னா கொறச்சல்?" என்று ஆளாளுக்குப் பெருமை வேறு. ஞாயிற்றுக்கிழமை வலி தீர்வதற்குள் திங்கள், அது தீர்வதற்குள் செவ்வாய். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் தொட்டாலே துள்ளினார். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வாயில் சோற்றோடு தூங்கியே போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெல் குத்தின மறுநாள் எந்தப் பெண்ணாவது மாவரைக்க உட்காருவாளா? நடுவில் ஒரு நாள் விட்டால்தானே தோள் மறுபடி நம்முடையதாகும்? வேலையைக் குறைக்க வேண்டாம், தள்ளித் தள்ளி வைத்தால் போதும். செவ்வாய் நகராது. ஞாயிறும் நகராது, அன்றைக்குத்தான் அப்பாவுக்குச் சைக்கிள் இரவல் கிடைக்கும். நகரக்கூடியது திங்கட்கிழமை மட்டும். ஆனால் அது மூத்தாருடையது, அவரோடு நான் நேருக்கு நேர் பேசக்கூடாது. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவசியமானால் எருமையைப் பார்த்துப் பேசுவோம். அவரும் எருமைக்குத்தான் பதில் சொல்வார்.

அடுத்த திங்கட்கிழமை இருட்டோடு எழுந்து, என் கணவர் தலையில் அரை உழக்கு நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டேன். ஆம்பிளைக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும்தான். திங்கட்கிழமை எண்ணெய் வைப்பதை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பை அன்றைக்கு ஓடவிட எவனுக்கும் துணிச்சல் வராது. ஜன்னி கண்டுவிடும் என்று பயம்.

மூத்தார் வந்தார். கோவணத்தோடு எண்ணெய் சொட்ட உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். பிறகு எருமையிடம் திரும்பினார்.

"இன்னா இது? ஆம்பளைக்குத் திங்கக்கெழம எண்ணெயா?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தபடி எருமைக்கு விளக்கம் சொன்னேன். "நேத்து ஓடுனதுல ஒடம்பு சூடு ஏறிப்போச்சு. இனிமே திங்கக்கெழம தோறும் எண்ணெதான்."

"அப்ப என் நாளு?" என்று எருமையை அதட்டினார். அது சாணி போட்டது.

"வெள்ளிக்கெழம இருக்குது. அந்த நாள யாருக்கும் குடுக்கல. வியாழக்கெழம சும்மா மெதுவா ஓடிட்டு, காலு இலேசா வருவாரு. வேகம்னா இன்னான்னு அன்னிக்கிதான் தெரியும். இன்னொருத்தர் ஓட்டிச் சக்கையாக்குன கால வச்சிக்கினு பெரியவரு இன்னாத்துக்கு மல்லுக்கட்டணும்?"

மூத்தார் எருமையை நெருங்கினார். "அதுவும் ஞாயந்தான்" என்று அதன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வாரம் ஒழுங்குக்கு வந்தது. ஞாயிறு நெடுந்தூரம், திங்கள் எண்ணெய். செவ்வாய் ஏற்றம், புதன் மறுபடி எண்ணெய். வியாழன் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்கிற அளவுக்கு மெதுவான ஓட்டம். வெள்ளி பனைமரம், சனி எண்ணெய். வாரத்தில் மூன்று நாள் எண்ணெய் தேய்த்து அவர் தலையணை வடை சுட்ட வாணலி மாதிரி நாறியது. நாலைந்து வாரத்தில் எலும்போரம் இருந்த வலி போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பறந்ததைப் பார்த்து, தன் திறமைதான் என்று மூத்தார் மீசையை முறுக்கினார். அப்பா அதையே ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னார்.

பந்தயம் ஒரு புதன்கிழமை வந்தது. அதாவது முந்தின நாள் செவ்வாய், ஏற்றம். அது போதாதென்று விடியற்காலையில் அப்பா அன்றைக்கென்று கெஞ்சி இரவல் வாங்கிய சைக்கிளோடு வாசலில் நிற்கிறார், மூத்தார் பனைமரப் பக்கத்திலிருந்து வருகிறார். இரண்டு பேருக்கும் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் காரியம் நடக்காது என்று எருமையிடம் போனேன்.

"இவரு மொறைய இன்னிக்கி யாரு ஏத்தத்துல ஏறி முடிக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் இவரு. பொழுது சாய ஓட்டிக்கலாம்."

அப்பா செருப்பைக் கழற்றினார். மூத்தார் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒருவர் ஏறினால் இன்னொருவர் விடுவாரா? இரண்டு பேரும் ஒரே ஏற்ற மரத்தில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் ஏறி இறங்கினார்கள். கீழே நின்று மேலே வந்த தண்ணீர்ச் சாலை வாய்க்காலில் கவிழ்த்த மாமியார் தலை நிமிரவில்லை, சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது. சாயங்காலம் இரண்டு பேரையும் கைத்தாங்கலாக இறக்கினோம். யாருக்கும் யாரையும் ஓட்டுகிற உத்தேசம் இல்லை. "வாரா வாரம் இதையா செஞ்சான்?" என்று அப்பா பொதுவாகக் கேட்டார். "ஓட்டத்தோட இதையும் சேத்து" என்று மூத்தார் பதில் சொன்னார். பாயசத்துக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

மறுநாள் விடியுமுன் இவரை வில்லியனூரில் இறக்கிவிட்டு, மற்ற எல்லோரும் மாட்டு வண்டியில் கடற்கரைக்குப் போனோம். அந்த இரண்டு பேருக்கும் உட்கார முடியவில்லை, படுக்க வைத்துக் கொண்டுபோனோம். இவர் இரண்டாவதாக வந்தார். நல்லவாடு குப்பத்து மீன்காரப் பையன் ஒருவன் அவரை முந்திவிட்டான். கால் இழுக்காமல், முகம் கோணாமல் அவர் ஓடி வந்ததைப் பார்த்து நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆனாலும் இரண்டாவது இரண்டாவதுதான்.

வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். வில்லியனூர் தாண்டியதும் இவர் மெதுவாகச் சொன்னார்: "சொன்ன சொல்லு சொல்லுதான்மா. ஓட்டத்த வுட்டுடறேன்."

மாமியார் வெற்றிலையைத் துப்பினார். "நாளைக்கி இன்னாடா கெழம?"

"வியாழன்."

"மெதுவா ஓடற நாளாச்சே" என்றார் மாமியார். "ஓடாம வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போற?"