வெளிச்சம் தெரியாத ஜெட்

கச்சிராயபாளையம் சாலையில் மலர்விழி பைக் பட்டறை திறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஐ.டி.ஐ. படிப்பும், விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் மூன்று வருட வேலையும் இருந்தும், பஞ்சர் ஒட்டவும் செயினுக்கு எண்ணெய் போடவும்தான் அவளிடம் ஆள் வந்தது. எஞ்சின் கோளாறு என்றால் எதிர்க்கடை பூமாலையிடம் போய்விடுவார்கள்.

அன்று காலை ரவூப் பாய் துணி மூட்டை கட்டிய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரியாலூர்ப் பக்கத்து மலை ஊர்களில் புடவை, லுங்கி விற்பவர். கால் முறிந்து ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார்; வண்டியும் கிடந்தது. பொங்கலுக்கு நாலே நாள். புது பேட்டரி போட்டும் பயனில்லை. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்றழுத்தம் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும், மூன்று நாளாகும் என்று பூமாலை சொல்லிவிட்டானாம்.

அந்தப் பூமாலையும் பின்னாலேயே வந்து நின்றான். "இன்னாம்மா, இதுக்கும் பஞ்சர் ஒட்டப் போறியா?"

மலர்விழி ஸ்பேனரை எடுத்தாள். இந்த வண்டி கிளம்பாவிட்டால் நாளை முதல் பஞ்சருக்கும் ஆள் வராது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். துளையில் பெருவிரலை அழுத்திக்கொண்டு, "அண்ணே, ஒரு கிக்கர் மிதிங்க" என்றாள். பூமாலை மிதித்தான். காற்று விரலைத் தூக்கி எறிந்தது. அழுத்தம் குறையவில்லை; ரிங் நன்றாகவே இருந்தது! பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து செல்ஃப் அடித்தாள். நீலப் பொறி பளிச்சிட்டது. ஆனால் அத்தனை தடவை சுற்றியும் பிளக் முனை நனையவே இல்லை. பெட்ரோல் உள்ளே போகவில்லை.

வண்டி நின்ற ஐந்து மாதமும் பெட்ரோல் டேப்பை மூடி வைத்தீர்களா என்று ரவூப் பாயிடம் கேட்டாள்.

"எஞ்சின் வறண்டுடப் போவுதுன்னு மூடலம்மா. டேங்கையும் ரொப்பி வெச்சேன்."

"அதாங்க பாய். கார்புரேட்டர்ல நின்னது ஆவியாப் போய்க்கினே இருந்துச்சு, மேலேர்ந்து எறங்கிக்கினே இருந்துச்சு. பிசின் மட்டும் தங்கிடுச்சு."

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். பழுப்பாய் ஒட்டியிருந்தது, பழைய வார்னிஷ் வாடை. எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளை ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தாள். மயிரிழைத் துளையில் வெளிச்சமே தெரியவில்லை.

ரவூப் பாய் மூட்டையிலிருந்து குண்டூசி எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றாள்; ஊசி பட்டால் துளை அகன்றுவிடும், அப்புறம் பெட்ரோல் அளவே தப்பிவிடும். கிளீனரில் ஊறவைத்து, பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி மெல்ல நுழைத்து, காற்றடித்தாள். மறுபடி வெயிலுக்குப் பிடித்தாள். ஊசிமுனை அளவு ஒளி!

டேங்கின் பழைய பெட்ரோலை வடித்து, புதிதாக ஊற்றி, சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் வண்டி புகைவிட்டு உறுமியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

இனி நெடுநாள் நிறுத்திவைத்தால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடச் சொன்னாள். ரவூப் பாய் தலையாட்டிக்கொண்டே மலைப்பாதைக்குத் திரும்பினார்.

பூமாலை மட்டும் போகவில்லை.

"அந்த கிளீனர் டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக்கினு வாம்மா" என்றான். "என் கடையிலயும் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆவாம நாலு மாசமா நிக்குது. நீயே பாத்துடு."