சிவப்பு நூல் கட்டிய லோட்டா

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து பிடித்திருந்த அறையில் ஆளுக்கொரு பாய் கிடையாது, முறைதான் உண்டு. குர்லா பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவன் காலையில் மெஸ் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே படுத்தாக வேண்டும். மதியம் அந்த இடம் வேறொருவனுக்கு. ஏப்பம் அடங்குமுன் தூங்கப் பழகியிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எனக்கு வறட்டு இருமல் பிடித்தது. காய்ச்சல் இல்லை. தூங்கி எழுந்தால் குரல் கம்மியிருக்கும். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி கனைத்துக்கொண்டே இருப்பேன். அறையில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது என் இருமல் ஒன்றுதான். கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. படுக்குமுன் மிளகு தூக்கலாகப் போட்ட சுக்குக் காப்பி, லோட்டா நிறைய. அன்பாகத்தான் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டுப் படுத்தால் இருமல் இன்னும் பிடுங்கும்.

எனக்கு முன்னால் அதே அறையில் ஒருவன் ரத்தமாக இருமிச் செத்திருந்தான். அறையை நடத்திய அண்ணாச்சி என் லோட்டாவில் சிவப்பு நூல் கட்டி, வாசலோரம் தனியாகக் கவிழ்த்தார்.

"கோவிச்சுக்கிடாத தம்பி. டி.பி. இல்லன்னு டாக்டர் சொல்லட்டும், அதுவரைக்கும்தான்."

எக்ஸ்ரே சுத்தம். காறிக் கொடுத்த எச்சிலிலும் கிருமி இல்லை. ஆனால் இருமல் நிற்கவில்லையே, யார் நம்புவார்கள்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டை டாக்டர் மாட்டுங்காத் தமிழர். என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"குரல்வளைக்குப் பின்பக்கம் செவந்து வீங்கியிருக்கு. சாப்பிட்ட ஒடனே படுத்துக்கறயா?"

"ஆமா சார்."

"நெஞ்சு எரியறதா?"

"இல்ல சார்."

"சில பேருக்கு எரியாது. வயத்துப் புளிப்பு மேல வந்து தொண்டையைத்தான் புண்ணாக்கும். சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்காதே. தலைமாட்டை ஒசத்திக்கோ. காரம், காப்பியைக் கொறை. குணமாக மாசக்கணக்கில் ஆகும்."

அறையில் வந்து சொன்னேன். என் முறையை மட்டும் மதியத்துக்கு மாற்றித் தரக் கேட்டேன். சிரித்தார்கள்.

"வயித்துல கெடக்கது தொண்டைக்கு எப்படிவே வரும்? நெஞ்செரிச்சலும் இல்லங்கியே" என்றார் அண்ணாச்சி. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "வேற எடம் பாத்துக்க தம்பி" என்றார். எனக்கு அழுகை வந்தது. பம்பாயில் எனக்கு இருந்த ஊரே அந்த அறைதான்.

ஆண்டாப் ஹில்லில் ஒரு குடிசைச் சாய்ப்பில் இடம் கிடைத்தது. பலகையின் தலைப்பக்கம் செங்கல் வைத்துப் படுத்தேன். காலையில் சாப்பிட்டதும் வெளியே உட்கார்ந்து தூக்கத்தோடு மல்லுக்கட்டினேன். சில மாதங்களில் இருமல் நின்றது, குரலும் தெளிந்தது.

திரும்ப இடம் கேட்கலாம் என்று தாராவிக்குப் போனேன். அண்ணாச்சி என் குரலைக் கேட்டதும், "நல்லாயிட்டில்லா" என்று தோளைத் தட்டினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் வாசலோரம் கிடந்த லோட்டாவைக் கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். நூல் அப்படியே இருந்தது.

டீ ஆறும்வரை கையில் வைத்திருந்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.