மூன்றாம் பால்

மாலை நான்கு இருபதுக்குச் சொதி திரிந்தது. குழம்பில் வெள்ளையாக இருந்த தேங்காய்ப்பால் பூப்பூவாகப் பிரிந்து எண்ணெய் மிதக்க, நான் கரண்டியோடு நின்றேன். ஆறு மணிக்கு மசாலாக் கடை அண்ணாச்சி எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கே வருவதாக இருந்தது. அவர் கடையின் சொதிப் பொட்டலத்துக்குள் வைக்கும் செய்முறை அட்டையை வடிவமைத்தவள் என் மகள். சென்னை வேலையை விட்டு வந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அவர் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும்.

சமைக்கத் தெரியாதவர் ஒருவர் அட்டையைப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்று என்னைப் பிடித்திருந்தாள். அட்டையில் 'தேங்காய்ப்பால் 1, 2, 3' என்று இருந்தது. செய்முறையில் படி 1, 'காய்களைப் பாலில் வேக விடவும்' என்றது. ஒன்றுக்கு ஒன்று என்று, முதலில் பிழிந்த கெட்டியான பாலை ஊற்றிக் கொதிக்க விட்டேன்.

"யாராவது தலைப்பால்ல காய வேக வைப்பாவளாப்பா?"

"அட்டையில எங்கன இருக்கு அது?"

அவள் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாவது பின்னால் சேரும், முதல் பால் கடைசியில் சூடேற மட்டும் என்பது எங்கள் ஊரில் எழுதத் தேவையில்லாத விஷயம். அதனால் அவள் எழுதவில்லை.

முகம் வெளுத்துப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். பொருட்களை, அவை சேரும் வரிசையில் பிரித்தாள்: வேக வைக்க, அரைக்க, கடைசியில் சேர்க்க, தாளிக்க. பால்களின் எண்களை எடுத்துவிட்டு 'தண்ணிப்பால்', 'நடுப்பால்', 'கெட்டிப்பால்' என்று பெயர் வைத்தாள். எண்கள் செய்முறைக்கு மட்டும். 'அடுப்பை அணைக்கவும்' தனிப் படியானது. எலுமிச்சை பிழிவது அதற்கு அடுத்த படி.

படிகள் கூடின. இடம் இல்லை. பாதி அட்டையை நிறைத்திருந்தது கிண்ணத்துச் சொதியின் படம். முன்பே அதனால்தான் கடைசி இரண்டு படிகளும் பின்பக்கம் போய், அங்கே மறுபடி 1 என்று தொடங்கியிருந்தன. படம் பெரிதாக வேண்டும் என்றது அண்ணாச்சிதான். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாள். எல்லாப் படிகளும் ஒரே பக்கத்தில் நின்றன.

வீட்டுப் பிரிண்டரில் எடுத்துக்கொடுத்தாள். இன்னொரு தேங்காய் உடைத்து மறுபடி வைத்தேன். கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி, சூடேறியதும் அடுப்பை அணைத்தேன். திரியவில்லை.

அண்ணாச்சி வந்ததும் முதலில் அட்டையைத்தான் கேட்டார். படம் சின்னதாகப் போயிற்றே என்றார். மகள் இரண்டு சட்டிகளையும் திறந்து காட்டி, பழைய அட்டைப்படி வைத்தது இது, புதிய அட்டைப்படி இது, இரண்டும் சமைக்கத் தெரியாத அப்பா வைத்தது என்றாள். அவர் திரிந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்லதில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார்.

"ரெண்டும் ஒங்கப்பா வச்சதா? அப்பம் படம் சின்னதாவே இருக்கட்டும்த்தா. அச்சடிக்கச் சொல்லு."