சனிக்கிழமை காலை கேமராவில் விழுந்த பனி

"திங்கள், மாலை 6.20. தங்கையின் லேப்டாப். கேமரா: சரி. மைக்: சரி. பிரவுசரில் இரண்டுக்கும் அனுமதி கொடுத்தாயிற்று. இணைய வேகம்: போதும். சோதனைப் பக்கத்தில் எல்லா வரியும் பச்சை."

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு என் நாட்குறிப்பில் எழுதியது இது. அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திருவாரூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். கல்யாணத்துக்கு முன் அவள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் விட்டாள். எட்டு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே செய்யும்படியாக ஒரு வேலை கூடிவந்திருந்தது. நேர்காணல் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான்: மாதக் கடைசிக்குள் ஒரு சான்றிதழ்த் தேர்வில் தேறிக் காட்ட வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலேயே, கேமரா வழியாக ஒருவர் கண்காணிக்க எழுதும் தேர்வு. தவறினால் இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். அதற்குள் மாதம் முடிந்துவிடும்.

இந்த மாதிரித் தேர்வை நான் பார்த்ததில்லை. அதனால் சனிக்கிழமையும் போனேன். தேர்வு நடக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, ஆனால் அதற்கு முன்பு வரை இருக்கலாம் என்றாள்.

காலை ஒன்பது பத்துக்கு அவள் தேர்வு நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தை மறுபடி திறந்தாள். "திங்கக்கிழமையே பாத்தாச்சே" என்றேன். "தேர்வன்னைக்கு இன்னொரு தடவ பாக்கச் சொல்லியிருக்காங்கண்ணே" என்றாள்.

கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. படமும் வந்தது. ஆனால் படத்தில் அவள் இல்லை. மார்கழி விடியலில் வரப்பில் யாரோ நிற்பது போல ஓர் உருவம் இருந்தது. முகம் எங்கே, சுவர் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. அடையாள அட்டையைக் கேமராவுக்கு முன் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது. எழுத்தே இல்லை.

"இத வச்சுக்கிட்டு உள்ள விடமாட்டாங்க. கார்டுல உள்ள பேரு படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றாள். ஒன்பதரைக்கு உள்நுழைவு தொடங்கும். பத்தே காலுக்குள் போகாவிட்டால் வரவில்லை என்று குறித்துவிடுவார்கள்.

அவள் வரிசையாகப் பார்க்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். முதலில் பிரவுசரின் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருந்த சிறு குறியை அழுத்தினாள். கேமராவுக்கு அனுமதி இருந்தது. பிறகு விண்டோஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் திறந்துதான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு தோழியோடு வீடியோவில் பேசியிருந்தாளாம், அது செல்போனில். லேப்டாப்பில் அப்படி எந்தச் செயலியும் ஓடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "அனுமதி இல்லேன்னா படம் எப்படி இருக்கும்?"

"படமே வராதுண்ணே. கேமராவக் காணோம்னு சொல்லும். வேற செயலி புடிச்சு வச்சிருந்தாலும் அப்படித்தான்."

"மூடி போட்டிருந்தா?"

"கருப்பா இருக்கும்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். இது கருப்பும் இல்லை, காணாமலும் போகவில்லை.

பிரவுசரை மூடிவிட்டு, லேப்டாப்போடு வரும் கேமரா செயலியைத் திறந்தாள். அதிலும் அதே பனி. ஆக, பிரவுசர் மேல் குற்றமில்லை. இந்த ஒரு சோதனையில் பாதி காரணங்கள் கழிந்துபோனது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு அதை ரசிக்க நேரமில்லை. ஒன்பது இருபத்திரண்டு.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் வயலிலிருந்து வந்தார். நடவு நடந்துகொண்டிருந்தது. கால் சேறு போகவில்லை. வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

"கேமரா மங்கலா இருக்கு மாப்ள. திங்கக்கிழமை நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் மாறல."

"ஒண்ணும் மாறலியா? புதன்கிழமை பூசையில வச்சமே. டிராக்டர், ஸ்பிரேயர், இந்த லேப்டாப்பு, எல்லாத்துக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வச்சேன்."

தங்கை மெதுவாகத் திரும்பினாள். "எங்க வச்சீங்க?"

"மூடி மேல ஒண்ணு. தொறந்து, மேல நடுவுல ஒண்ணு. நிலைக்கு வைக்கிற மாதிரி."

திரையின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், கேமராவின் கண் இருக்கும் இடம் அது. நான் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். பொட்டு இல்லை. ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி மேல் காய்ந்த சந்தனம் மெல்லிய தோலாகப் படிந்து மின்னியது.

"டிராக்டருக்கு ஹெட்லைட்டு மேலயா வச்சீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"லைட்டு லைட்டுன்னு தெரியுது. கடுகாட்டம் இருக்குற இது கண்ணுன்னு யாரு கண்டா? அதுசரி, பொட்டக் காணோமே. யாரு தொடச்சா?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு, "விஜயதசமியன்னைக்குப் படிக்கத் தொறந்தப்ப நான்தான் விரல நனைச்சுத் தொடச்சேன்" என்றாள்.

"ஆக, நான் வச்சது பொட்டு. மெழுகி விட்டது நீ."

"மொதல்ல அந்தக் காலக் கழுவுங்க" என்றாள்.

என் மூக்குக் கண்ணாடித் துணியின் ஓரத்தை லேசாக ஈரமாக்கிக் கொடுத்தேன். அவள் அழுத்தாமல் துடைத்தாள், பிறகு காய்ந்த பக்கத்தால் ஒருமுறை. திரையில் அவள் முகம் வந்தது. பின்னால் சுவர் வந்தது. வாசற்படியில் நின்ற கணவரும் வந்தார். அட்டையைப் பிடித்தாள். பிறந்த தேதி வரை படிக்க முடிந்தது. சோதனைப் பக்கத்தை முதலிலிருந்து ஓட்டினாள். எல்லாம் பச்சை. மணி ஒன்பது முப்பத்தொன்று.

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு வழியாகக் கொஞ்ச நேரம் அவள் குரல் கேட்டது: பெயர் சொன்னாள், மேசைக்கு அடியில் காட்டுகிறேன் என்றாள். லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டுகிறாள் என்று புரிந்துகொண்டேன். பிறகு சத்தமில்லை. மாப்பிள்ளை வயலுக்குப் போன் போட்டு, வீட்டுப் பக்கம் டிராக்டரைக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னார்.

திங்கட்கிழமைக் குறிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. திங்கள் மாலை ஆறு இருபதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைச் சனிக்கிழமைக்கும் சேர்த்து நான் படித்ததுதான் தவறு.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது.

"பாஸ்னு வந்துச்சு" என்றாள். மாப்பிள்ளை உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்ன வார்த்தையில இருந்துச்சு?" என்று கேட்டேன். எனக்கு எழுத வேண்டும்.

"ஒரு வரிதாண்ணே. கீழ, இது முதல்கட்ட முடிவு, வீடியோவப் பாத்துட்டு மெயில்ல உறுதி பண்ணுவோம்னு போட்டிருந்துச்சு."

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தியா?"

"அதுல எடுக்கவே முடியாது. எடுக்கப் பாத்தா அதுவே குத்தமாயிடும்."

"நடுவுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒரு தடவ மட்டும் அறைய மறுபடி காட்டச் சொன்னாங்க. ஏன்னு சொல்லல."

நான் இதை எழுதுவது அடுத்த செவ்வாய், இரவுச் சாப்பாட்டுக்கு முன். மெயில் இன்னும் வரவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. சனிக்கிழமைக்கான என் குறிப்பின் கடைசி வரி இப்போது இப்படி நிற்கிறது: "தேர்ச்சி. தங்கை சொன்னது. திரையை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. உறுதி செய்யப்படவில்லை."