உம் கொட்டாத காது

எங்கள் மருத்துவமனையின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் விரிப்புகள் காயும் கொடிகளுக்கும் நடுவே, ஒரு சிறு நிழல் விழும். பகல் பணிக்கு இடையே செவிலியர் நாங்கள் சோற்றுப் பாத்திரங்களைத் திறப்பது அங்கேதான். இராமநாதபுரத்தின் காற்று அந்த மாடியில் ஒரு கணமும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. விரிப்புகள் படபடத்துக்கொண்டே இருக்கும். அந்த ஓசைக்கு மேல் குரலை உயர்த்தி, என் தோழி தன் மாமியார் தொலைந்துபோன கதையைச் சொல்வாள்.

அவள் கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உத்தரகோசமங்கையில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் வெளிநாடொன்றில் உணவகச் சமையற்காரர். அதே நாட்டு மருத்துவமனை ஒன்று அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆங்கிலத் தேர்வின் மற்ற பகுதிகளில் தேறிவிட்டாள்; பேச்சில் மட்டும் ஒரு முறை தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தொலைபேசித் திரையில் மட்டுமே தகப்பனைக் கண்டு வளரும் மகள் ஒருத்தி அவளுக்கு இருந்தாள். ஆகையால் அந்த நாட்களில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி கொடிகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பாள்.

தேர்வின் முறை எளியது. ஓர் அட்டையில், வாழ்வில் நடந்த ஏதேனும் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருக்கும். யோசிக்க ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் வரை இடைவிடாமல் பேச வேண்டும். கேட்பவர் குறுக்கிடமாட்டார். இதில் அவள் தோற்றது எங்களுக்கெல்லாம் வியப்பாக இருந்தது. ஏனென்றால் பேச்சில் அவளை மிஞ்ச எங்கள் மருத்துவமனையில் ஆளில்லை.

"என்னாச்சுன்னா, இருவத்திரெண்டு கெணத்துத் தண்ணியையும் தலையில ஊத்திக்கிட்டு கோயிலவிட்டு வெளிய வாரோம். அத்தைக்குச் சீல சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு."

"ம்."

"'இங்கனயே நில்லுங்க, மாத்துச் சீல எடுத்துட்டு வாரேன்'னுட்டுப் போறேன். வந்து பாத்தா ஆளக் காணோம்."

"அய்யய்யோ!"

"அதக் கேளு. வடக்க இருந்து வந்த கூட்டம் ஒண்ணு, அதுவும் ஈரத்தோட ஒரு வேன்ல ஏறிக்கிட்டு இருக்கு. இது நம்ம வேனுன்னு அதுல ஏறி, உக்காந்த கையோட தூங்கிருச்சு."

"ம், பெறகு?"

"பெறகென்ன, தேடித் தேடி அழுதுக்கிட்டே போனா, அந்தக் கூட்டம் எறக்கிவிட்ட அக்காள்மடத்துல ஒரு டீக்கடை வாசல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கு. என்னயப் பாத்ததும், 'எங்கடி போய்த் தொலஞ்ச? நான் இங்கனதான இருக்கேன்'னுச்சே பாக்கணும்!"

எத்தனை முறை கேட்டாலும் எங்களுக்குச் சிரிப்பு அடங்காது. அதே கதையை ஆங்கிலத்தில் தொடங்கினால், மாமியாரின் ஈரச் சேலையைத் தாண்டுவதற்குள் அவள் நின்றுவிடுவாள். சொல் தெரியாமல் அல்ல. பணி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பிசகின்றி ஒப்பிக்கிறவள் அவள். முதல் தேர்வில் கணினித் திரையில் தெரிந்த அம்மையாருக்கு முன்னால் பாதியில் நின்றுபோனாள். "இன்னும் ஏதாவது சொல்ல முடியுமா?" என்று அந்த அம்மையார் கேட்டதை அதட்டல் என்றே எடுத்துக்கொண்டு, "நோ மேடம்" என்று முடித்துவிட்டாள்.

ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு நானும் போனேன். ஆங்கிலப் புதினங்களை எனக்குப் படிக்க வரும், பேச வராது. பேருந்து நிலையத்தின் இரைச்சல் சன்னல் வழியே கொட்டும் அறை அது. பயிற்சியாளர் நல்லவர். கதையை வரிசைப்படுத்தும் சொற்களைப் பலகையின் ஒரு பக்கம் எழுதினார்: டு பிகின் வித், ஆஃப்டர் தட், மீன்வைல், இன் தி எண்ட். மறுபக்கம், யோசிக்க நேரம் வாங்கித் தரும் தொடர்கள்: லெட் மீ திங்க், ஹவ் ஷல் ஐ புட் இட், டு பி ஆனஸ்ட். "கருவேப்பிலை மாதிரிம்மா. வாசத்துக்குத்தான். அள்ளிப் போட்டா கசக்கும்" என்றார்.

அவள் அள்ளித்தான் போட்டாள். மறுநாள் மாடியில் என்முன் நின்று, முதலாவதாக மாமியார் நனைந்தார், இரண்டாவதாக மாமியார் காணாமல் போனார், மூன்றாவதாக நான் அழுதேன் என்று ஆங்கிலத்தில் அடுக்கினாள். கதை எங்கோ ஒளிந்துகொண்டு, இறப்பு அறிக்கை ஒன்றை வாசித்ததுபோல இருந்தது. வகுப்பில், "டு பி ஆனஸ்ட், மை மதர் இன் லா வாஸ் வெட்" என்றாள். அடுத்த வாக்கியத்திலும் அதே டு பி ஆனஸ்ட். அதற்கடுத்ததிலும்.

"ஏம்மா, அப்ப மத்ததெல்லாம் பொய்யா?" என்றார் பயிற்சியாளர்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்; ஆனால் வெளியே வந்ததும் பேருந்து நிலையத்தை இரண்டு முறை சுற்றி நடந்தாள். மகளின் பெயரைச் சொல்லி, "அவ என்னய மன்னிப்பாளாடி?" என்று கேட்டாள்.

தேர்வாளரைப் போலவே முகத்தில் எதையும் காட்டாமல் கேட்கும்படி பயிற்சியாளர் என்னிடம் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். மாடியில் தொட்டியோடு சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, இமைகூட அசையாமல் இருந்தேன். கோயில் வாசலுக்கு வந்தாள், நின்றாள். மறுபடி தொடங்கினாள்; அதே இடத்தில் மறுபடி நின்றாள். பொறுக்க முடியாமல், "சரி, தமிழ்லயே சொல்லு" என்றேன். ஆனால் முகத்தை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டேன்.

"என்னாச்சுன்னா, கெணத்துத் தண்ணி எல்லாத்தையும் ஊத்திக்கிட்டு வெளிய வாரோம். அத்தைக்குச் சீல சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு..."

நான் பேசவில்லை. விரிப்புகள் மட்டும் படபடத்தன. அவள் என் முகத்தைத் துழாவினாள்.

"கேக்குறியா?"

"கேக்குறேன்."

"கேக்குறவ இப்படியா கல்லு மாதிரி இருப்பா? ஒரு 'ம்' போடக்கூட வலிக்குதாடி ஒனக்கு?"

இருவருக்கும் ஒரே கணத்தில் புரிந்தது. தமிழிலும் நின்றுவிட்டாள்! பலமுறை சொன்ன கதை, தாய்மொழி, பழகிய முகம், எல்லாம் இருந்தும் அதே ஈரச் சேலையில் நின்றுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் கதையை ஒருவர் மட்டும் சொல்வதில்லை. சொல்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் கேட்பவர் உம் கொட்ட வேண்டும். இல்லையென்றால் கதை அவமதிக்கப்பட்டதாக ஆகிவிடும். அந்த 'ம்' கிடைக்கும் இடைவெளியில்தான் அவளுக்கு அடுத்த காட்சி மனத்தில் வந்து சேரும். பணிமாற்றத்தின்போதும் மருத்துவர் தலையசைத்துக்கொண்டே இருப்பார். திரையில் தெரிந்த அம்மையாரோ தலையசைக்கவும் இல்லை. இவள் சொல்லை மறக்கவில்லை. வர வேண்டிய 'ம்'முக்காகக் காத்திருந்தாள். நாகரிகமாக, பொறுமையாக, தேர்வில் தோற்கும்வரை காத்திருந்தாள்.

"அந்தம்மா உம் கொட்டாதுடி. அவங்க வழக்கம் அது. ஒன் 'ம்'ம நீயேதான் போட்டுக்கணும்" என்றேன்.

"எனக்கு நானே உம் கொட்டுனா பைத்தியம்னு கட்டிப் போட்டுருவாங்க."

"தமிழ்ல கொட்டாத. பலகையில எழுதுனாரே, அதுல கொட்டு."

அன்று முதல் வேலை வேறுவிதமாக நடந்தது. தமிழில் ஒரு முறை சொல்வாள். எங்கெங்கே என் 'ம்' விழுகிறது என்று கவனிப்போம். வாக்கியத்தின் நடுவில் அது ஒருபோதும் விழவில்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் கணுவில்தான் விழுந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கணுக்களில் மட்டும் ஒரு தொடரை வைத்தாள். தொடக்கத்தில் அவள் சொல்லும் 'என்னாச்சுன்னா'வுக்கு, வாட் ஹேப்பண்ட் வாஸ். முதலாவது, இரண்டாவது என்ற அடுக்கு தானாக உதிர்ந்து, ஆஃப்டர் தட், மீன்வைல் ஆகியவை தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தங்கின. சொட்டச் சொட்ட என்பதற்குச் சொல் கிடைக்காத ஒரு நாள், "ஹவ் ஷல் ஐ புட் இட்..." என்று நிதானமாக இழுத்தாள். இழுத்த நேரத்தில் கொடியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு, மூடாமல் விட்ட குழாய் மாதிரி இருந்தார் என் மாமியார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கல்முகத்தை மறந்து சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதடி, நீ அந்தம்மா!" என்று விரட்டினாள்.

தேர்வு மதுரையில். அவள் உள்ளே போனபின் வெளியே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையில் ஒரு புத்தகம் இருந்தது; ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். வெளியே வந்தவளின் முகம் வெளிறியிருந்தது. நேரே போய்ப் பேருந்து ஏறினாள். பரமக்குடி வரும்போதுதான் வாய் திறந்தாள்.

"யாருக்காகவாவது காத்திருந்த ஒரு சமயத்தச் சொல்லுன்னு அட்டையில இருந்துச்சு. லெட் மீ திங்க்னு ஆரம்பிச்சு, அத்தைக்காகத்தான் காத்திருந்தேன்னு திருப்பிக்கிட்டேன்."

"ம்."

"அந்தம்மா செவுரு மாதிரி இருந்துச்சு. இருந்துட்டுப் போன்னு நானே போட்டுக்கிட்டுப் போனேன். வேன் வரைக்கும் வந்துட்டேன், இன்னும் அக்காள்மடம்தான் பாக்கி. 'தேங்க் யூ'ன்னு கையக் காட்டி நிறுத்திருச்சு!"

"அதுல தப்பில்லடி. நேரம் முடிஞ்சா நிறுத்தத்தான் செய்வாங்க. நீ கடைசி வரைக்கும் பேசியிருக்க."

"அது கெடக்கட்டும். அத்தை கெடைக்கவே இல்லயே! அந்தம்மாவப் பொறுத்தவரைக்கும் எங்க அத்தை இன்னும் அந்த வேன்லதான் போய்க்கிட்டு இருக்கு."

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்திலேயே அக்காள்மடத்துத் தேநீர்க் கடையை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள். முடிவு வரும்வரை வார்டில் ஒவ்வொரு திரைச்சீலையையும் தேவையின்றித் திறந்து மூடினாள். தேறிவிட்டாள் என்று தெரிந்த அன்று முதன்முறையாக மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மகளோடு அவள் போய்ச் சேர்ந்தபின், நேர வேறுபாட்டினால் குரல்பதிவுகள்தாம் எங்களுக்கு வாய்த்தன. தொடக்கத்தில் அவற்றில் சிறு சிறு இடைவெளிகள் இருக்கும். மாடியில் தனியே உட்கார்ந்து கேட்கையில், அந்த இடங்களில் நான் உரக்கவே உம் கொட்டுவேன். கீழிருந்து விரிப்பு கொண்டுவரும் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

அண்மையில் ஒரு பதிவு வந்தது. அங்கே பணியிடத்தில் சிரிக்கவே சிரிக்காத ஒரு முதியவருக்கு மாமியார் கதையை முழுவதும் சொன்னாளாம். அக்காள்மடம் வந்ததும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தாராம். இதை எனக்குத் தமிழில்தான் சொன்னாள். ஆனால் மூச்சு வாங்கும் இடமெல்லாம் "எப்படிச் சொல்றது", "இரு, யோசிச்சுக்கிறேன்" என்று அவளே நிரப்பிக்கொண்டு போனாள். என் 'ம்' அவள் குரலின்மேல் போய் மோதியது.

இரண்டாம் முறை வைத்துக் கேட்டபோது உம் கொட்டாமல் கேட்டேன்.