பதினான்கு கட்டும் உதிரி ஏழும்

தலைமையாசிரியை என்னை நேர்மையானவள் என்று பிரேயரில் பாராட்டினார். அது பச்சைப் பொய். அன்று நான் பேசியது நேர்மைக்காக இல்லை, பழி வாங்குவதற்காக.

திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நான் லீடர். சவுதியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கண்ணாடிக் கதவு வைத்த பீரோ ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகளே புத்தகம் கொண்டுவந்து அதை நிரப்ப வேண்டும். அதிகம் கொடுக்கும் பிரிவின் வகுப்பறையில் பீரோ நிற்கும், சாவி அந்த லீடரிடம் இருக்கும். அந்தப் பிரிவுப் பிள்ளைகள் மட்டும் வீட்டுக்கே எடுத்துப் போய்ப் படிக்கலாம். எங்கள் வீட்டில் அப்பாவின் ஆடுகள் உண்டு, காலண்டர் உண்டு, புத்தகம் மட்டும் கிடையாது. அந்தச் சாவிக்காக நான் எப்படி ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

முதல் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. எட்டாம் வகுப்பில் அவளிடம் ஒரு கதைப் புத்தகம் இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுத்தபோது முகர்ந்து பார்த்தாள். "ஆட்டு நாத்தம் அடிக்குதுடி," என்று வகுப்புக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஜன்னல் கட்டையில் விரித்து நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டாள். வகுப்பே பார்த்துச் சிரித்தது. அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

பத்துப் புத்தகம் ஒரு கட்டு. பேப்பரில் சுற்றி, சணலால் கட்டி, பேரும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டைச் செருகித் தருவார்கள். கம்பு மூட்டையை எண்ணுகிற மாதிரி, கட்டை எண்ணிப் பத்தால் பெருக்குவோம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பதினான்கு கட்டு, நூற்று நாற்பது. தனித்தனியாக வந்தது ஏழு. மொத்தம் நூற்று நாற்பத்தேழு என்று எங்கள் வகுப்பு சார் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவள் மூன்று கட்டு கொடுத்திருந்தாள். குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே மதியம் சோற்று நேரத்தில் அவற்றைப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டிலும் மேலே ஒரு கதைப் புத்தகம், அடியில் ஒரு கதைப் புத்தகம். நடுவில் எட்டும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பாடப் புத்தகங்கள். பாடப் புத்தகம் கணக்கில் சேராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அடிப் பாவி என்று சிரித்தேவிட்டேன். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று மற்றப் பதினோரு கட்டையும் பிரித்து எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. சத்தமில்லாமல் திரும்பக் கட்டி வைத்தேன்.

மறுநாள் பிரேயரில் பி பிரிவு லீடர் முதலில் பேசினான். அவர்கள் மொத்தம் நூற்று முப்பத்தொன்று. என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே குதித்தார்கள். துண்டுத் தாளில் இருந்ததை வாசித்தால் போதும், சாவி என் கையில். நான் மைக்கைப் பிடித்தேன். அவள் வரிசையின் முன்னால் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பீரோ மறந்துபோயிற்று.

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்புக்கு வந்தவை பதினான்கு கட்டு. கட்டுக்குப் பத்து வீதம் நூற்று நாற்பது. உதிரி ஏழு. ஆக நூற்று நாற்பத்தேழு. பிரித்து எண்ணியதில் மூன்று கட்டுகளில் கட்டுக்கு எட்டு வீதம் இருபத்துநான்கு பாடப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைக் கழித்தால் நூற்று இருபத்துமூன்று. அந்த மூன்று கட்டையும் கொடுத்தவர்..."

அவள் பேரை, அப்பா பேரின் முதலெழுத்தோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கட்டுகளை எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பீரோ பி பிரிவுக்குப் போயிற்று. வகுப்பில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும் சாயங்காலம் பஸ்ஸில் கேட்டாள்: "ஒனக்கு அவ மேல கோவம்னா, அதுக்கு எங்க பீரோதான் கெடச்சுச்சா?"

முதல் பெஞ்சுக்காரி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள், பெஞ்சுக்கு அடியில் புதிதாக ஒரு கதைப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். அவளுக்கென்ன, வீட்டில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அந்த வருடம் முழுக்க நான் பாடப் புத்தகம் தவிர வேறெதையும் படிக்கவில்லை. போகட்டும். மறுபடி அந்த மைக்கைக் கொடுத்தாலும் அந்தப் பேரைச் சொல்லத்தான் செய்வேன்.